பெரிய புள்ளைக்கு ஒரு ஊசி, கைக்குழந்தைக்கு மூணு ஊசி: இது என்ன கணக்கு?

கேத்திகேரட் | 12 நவம்பர், இரவு 10.40

நேரா விஷயத்துக்கு வரேன். எங்க அக்கா பொண்ணுக்கு 16 மாசம் ஆகுது. அவங்க மாமியார் வீட்ல ஊசின்னாலே ஆகாது, பிறந்தப்ப போட்டதோட சரி. இப்பதான் ஒரு வழியா கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவரு சார்ட் போட்டுக் கொடுத்ததுல மூளைக்காய்ச்சல் கிருமிக்குப் போடுற ஹிப் ஊசி ஒண்ணே ஒண்ணு, "இந்த வயசுக்கு ஒரு தடவை போதும்மா"ன்னுட்டார்.

என் பையனுக்கு மூணரை மாசம். அவனுக்கு அதே ஹிப், அஞ்சு நோய்க்கு ஒண்ணா சேர்த்துப் போடுற பெண்டாவுக்குள்ள வருது, 6 வாரம், 10 வாரம், 14 வாரம்னு மூணு தடவை. முதல் ஊசி போட்டாச்சு, அன்னிக்கு ராத்திரி பூரா காய்ச்சல், தொடை கல்லு மாதிரி வீங்கி, தூக்கினாலே அழுகை. ரெண்டாவது ஊசி சமயம் மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு போக முடியல, அப்புறம் அவனுக்கு சளி, அப்படியே தள்ளிப்போச்சு.

கேள்வி ரெண்டு. விட்டுப்போனதால முதல்லருந்து ஆரம்பிக்கணுமா? அடுத்து, ஒண்ணேகால் வயசுல ஒரே ஊசி வேலை செய்யும்னா, இவனுக்கும் அது வரைக்கும் காத்திருந்து ஒண்ணோட முடிச்சா என்ன? சும்மா கேக்கல, வீட்ல இதே பேச்சுதான்.

எஸ்டேட்ராஜா | 12 நவம்பர், இரவு 11.05

மூணு வித்தா மூணு மடங்கு லாபம்மா, வேற என்ன கணக்கு.

கோத்தகிரிசிஸ்டர் | 13 நவம்பர், காலை 6.15

ராஜா அண்ணா, பெண்டா நம்ம பி.ஹெச்.சில காசில்லாம போடுறது. அதுல யாருக்கு லாபம், நான் அந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு எஸ்டேட் லைன் வரைக்கும் நடக்கறேனே எனக்கா?

கேரட், முதல்லருந்து எல்லாம் ஆரம்பிக்க வேணாம். எத்தனை நாள் விட்டிருந்தாலும் போட்ட ஊசி கணக்குல இருக்கும். வர்ற புதன் தாய் சேய் அட்டையோட வாங்க, ரெண்டாவது போட்டுட்டு, அதுலருந்து 4 வாரம் கழிச்சு மூணாவது. 4 வாரத்துக்கு முன்னாடி போடக்கூடாது, அது மட்டும்தான் கறார். லேசான சளிக்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதே இல்ல, நீங்க அப்பவே வந்திருக்கலாம்.

ரெண்டாவது கேள்விக்கு எனக்கு தெரிஞ்சது, சின்னக் குழந்தைக்கு ஒரு ஊசி பத்தாது. ஏன் பத்தாதுன்னா அதுக்கு மேல சொல்ல தெரியல.

பேரன்தாத்தா | 13 நவம்பர், மதியம் 1.20

நான் சொல்றேன். பொறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு சுத்தமா கிடையாது. எல்லாம் தாய்கிட்டருந்து வர்றது. தாய்ப்பால்ல இருக்கற அந்த சக்தியே ஊசி மருந்தை அழிச்சிடும், அதனாலதான் திரும்பத் திரும்ப போடுறான். எங்க காலத்துல ஊசி போட்ட அன்னிக்கு பால் கொடுக்காம கஞ்சித் தண்ணி கொடுப்பாங்க. அதையே செஞ்சு பாருங்க, ஒரு ஊசியே போதும்.

கோத்தகிரிசிஸ்டர் | 13 நவம்பர், மதியம் 1.32

ஐயா தயவுசெஞ்சு கஞ்சித் தண்ணி கதையை விடுங்க. மூணரை மாசக் குழந்தைக்கு தாய்ப்பால் மட்டும்தான். ஊசி போடும்போதே மார்ல போட்டுக்கிட்டா அழுகை கூட குறையும்.

லேப்மாமா | 13 நவம்பர், இரவு 9.50

ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி தடுப்பூசி லேப்லதான் என் பொழைப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

தாத்தா சொன்னதுல பாதி சரி. தாய்கிட்டருந்து வர்ற எதிர்ப்பொருள் சில ஊசிகளைத் தடுக்கறது உண்மை. ஆனா அது பால் வழியா வர்றது இல்ல, கர்ப்பத்துல கடைசி மாசங்கள்ல நஞ்சுக்கொடி வழியா குழந்தையோட ரத்தத்துக்குள்ள போறது. பால்ல இருக்கறது பெரும்பாலும் வேற ரகம், அது குடல்லயே நின்னுடும், தொடையில போடுற ஊசியை ஒண்ணும் பண்ணாது. அடுத்து, பொறந்த குழந்தைக்கு சக்தி சுத்தமா இல்லைன்னா பொறந்தவுடனே போடுற பி.சி.ஜி.யும் மஞ்சள்காமாலை பி ஊசியும் எப்படி வேலை செய்யுது? ஆக, சில மருந்துக்கு நல்லா பதில் கொடுக்குது, சிலதுக்கு கொடுக்கல. எதுக்கு கொடுக்கலங்கறதுதான் விஷயம்.

ஹிப்பையே எடுத்துக்கலாம், கேரட் கேட்டதும் அதுதான். இந்தக் கிருமி கைக்குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும். 1933லயே அமெரிக்காவுல ஃபாதர்கில், ரைட்னு ரெண்டு பேர் வெவ்வேற வயசுக்காரங்க ரத்தத்தை எடுத்து இந்தக் கிருமியோட கலந்து பாத்தாங்க. புதுசா பொறந்த குழந்தையோட ரத்தம் கிருமியைக் கொன்னுச்சு, ஏன்னா அதுல அம்மா கொடுத்தது இருந்துச்சு. பெரியவங்க ரத்தமும் கொன்னுச்சு. நடுவுல, சில மாசக் குழந்தையிலருந்து ரெண்டு மூணு வயசு வரைக்கும் பெரும்பாலான ரத்தம் சும்மா இருந்துச்சு. மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைங்க கணக்கும் அதே வயசுலதான் குவிஞ்சு இருந்துச்சு.

சரி, ஊசி போட்டு அந்த ஓட்டையை அடைக்கலாம்னு பாத்தா இன்னொரு சிக்கல். இந்தக் கிருமி மேல ஒரு சர்க்கரை உறை இருக்கு (டீயில போடுற சர்க்கரை இல்ல, நீளச் சங்கிலி மாதிரி ஒரு வஸ்து). அந்த உறையைத்தான் உடம்பு அடையாளம் பிடிக்கணும். 1974ல பின்லாந்துல 3 மாசத்துலருந்து 5 வயசு வரைக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைங்களை வெச்சு பெரிய சோதனை நடத்தினாங்க, பாதிப் பேருக்கு இந்த வெறும் சர்க்கரை உறை ஊசி, மீதிப் பேருக்கு வேற ஊசி. ஒன்றரை வயசு தாண்டின புள்ளைங்களுக்கு நல்லா காப்பாத்துச்சு. அதுக்குக் கீழ உள்ளதுங்களுக்கு பிரயோஜனமே இல்ல.

காரணம் என்னன்னா, வெறும் சர்க்கரையைப் பாத்து பதில் கொடுக்கற செல்லுங்க மண்ணீரல்ல ஒரு ஓரத்துல இருக்கு, அந்த இடம் ஒழுங்கா உருவாகவே கிட்டத்தட்ட ரெண்டு வயசு ஆகும். அது வரைக்கும் அந்த ஊசியை மூணு இல்ல முப்பது தடவை போட்டாலும் ஞாபகம் சேராது. இதை எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க. திரும்ப போட்டாலே எதுவும் ஏறிடும்னு இல்ல, ஏறுற மாதிரி மருந்தை முதல்ல மாத்தணும்.

கரெண்ட்டு போய் போய் வருது, மிச்சம் நாளைக்கு.

எஸ்டேட்ராஜா | 13 நவம்பர், இரவு 10.20

சீரியல் மாதிரி தொடரும் போட்டுட்டுப் போயிட்டாரு.

கூடலூர்பாபு | 14 நவம்பர், காலை 8.05

குறுக்க வரேன் மன்னிக்கணும். எங்களுக்கு ரெட்டைக் குழந்தை, 32 வாரத்துலயே பொறந்துடுச்சு. எடை ரொம்பக் கம்மி. குறைமாசக் குழந்தைக்கு எல்லாத்தையும் ரெண்டு மாசம் தள்ளித்தான் கணக்கு பண்ணணும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, குப்புற விழறது, உக்காறது எல்லாம் அப்படித்தானே பாக்கறோம். ஆனா ஊசிய மட்டும் டாக்டர் பொறந்த தேதிப்படியே போடச் சொல்றார். இன்னும் முத்தாத குழந்தைன்னா ஊசி இன்னும் மோசமாத்தானே பிடிக்கும்?

லேப்மாமா | 14 நவம்பர், இரவு 8.30

நேத்து விட்ட இடத்துலருந்து.

வெறும் சர்க்கரை பிடிக்கலன்னதும் அந்த சர்க்கரையை ஒரு புரதத்தோட ரசாயன முறையில கோர்த்தாங்க. புரதத்துக்கு பதில் கொடுக்கற வழி கைக்குழந்தைக்கு பொறக்கும்போதே இருக்கு, மெதுவா நடந்தாலும் நடக்கும். நம்ம பெண்டாவுல ஹிப் சர்க்கரை கூட கோர்த்திருக்கறது பெரும்பாலும் ரணஜன்னி டாக்ஸாய்டு, அதாவது விஷத்தன்மை எடுத்த ரணஜன்னி நஞ்சு. அந்தப் புரதத்தை அடையாளம் பிடிக்கற டி செல்லு, சர்க்கரையைப் பிடிச்சு வெச்சிருக்கற, எதிர்ப்பொருள் உண்டாக்கற பி செல்லுக்குக் கை கொடுக்கும். சர்க்கரை தனியா ஏற முடியாத இடத்துல புரதம் பின்னாடி நின்னு தள்ளிவிடுது, கல்லாறுலருந்து குன்னூருக்கு நம்ம மலை ரயிலை இன்ஜின் பின்னாடியிருந்து தள்ளிக்கிட்டு வருமே அப்படி. அமெரிக்காவுல 1990லருந்து ரெண்டு மாசக் குழந்தைக்கே இதைப் போட அனுமதி கொடுத்தாங்க. நம்ம நாட்டுல பெண்டா முதல்ல வந்தது தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான், 2011 டிசம்பர்ல.

இப்ப ஏன் மூணு? தள்ளிவிட ஆள் இருந்தாலும் ஏறுற செல்லு இன்னும் பச்சைப் புள்ளைதான். ஊசி போட்ட பிறகு நெறி கட்டுற இடத்துல, அதாவது நிணநீர்க்கணுவுக்குள்ள, பி செல்லுங்க கூடிப் பெருகி நல்லா பிடிக்கறதை மட்டும் தேர்ந்தெடுக்கற வேலை நடக்கணும். பெரியவங்களுக்கு சீக்கிரம் சூடு பிடிக்கும், கைக்குழந்தைக்கு தாமதமாவும் சின்ன அளவுலயும்தான் நடக்கும். அதனால முதல் ஊசிக்கப்புறம் ரத்தத்துல அளந்து பாத்தா நிறைய குழந்தைங்களுக்கு ஹிப் எதிர்ப்பொருள் ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். அதுக்காக அந்த ஊசி வீண் இல்ல, ஞாபக செல்லு கொஞ்சம் விதைச்சிருக்கும். ரெண்டாவது ஊசி அந்தச் செல்லுங்களை எழுப்பும், மூணாவதுக்கப்புறம்தான் பெரும்பாலான குழந்தைங்க காப்பாத்தற அளவைத் தொடும். நடுவுல 4 வாரம் ஏன் விடணும்னா அந்தத் தேர்வு வேலை நடந்து முடியணும், சீக்கிரமே போட்டா எழுப்பறதுக்கு ஆளே இருக்காது. தள்ளிப்போனா அந்த ஞாபக செல்லு எங்கயும் போயிடாது, அதனாலதான் சிஸ்டர் சொன்ன மாதிரி முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. சொல்லப்போனா இடைவெளி கூடினா பதில் கொஞ்சம் நல்லாவே வரும். ஆனா தள்ளிப்போன அந்த நாள் பூரா குழந்தை அரைகுறை பாதுகாப்போட இருக்கும், அங்கதான் இடிக்குது.

16 மாசப் புள்ளைக்கு ஏன் ஒண்ணு போதும்? அதுக்குள்ள செல்லுங்க முத்தியிருக்கும். தொண்டையில இந்தக் கிருமியோ இதே மாதிரி உறை உள்ள வேற கிருமியோ வந்து போயிருந்தா அதுவும் கொஞ்சம் பழக்கிவிட்டிருக்கும். அதனால ஒரே ஊசியில மேல ஏறிடும். கேரட், உங்க அக்கா பொண்ணுக்கு டாக்டர் போட்ட சார்ட்டை நல்லா பாருங்க. ஹிப் ஒண்ணுதான், ஆனா தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஊசி மூணு தடவை இருக்கணும். அந்த நஞ்சையெல்லாம் உடம்பு எந்த வயசுலயும் முன்ன பின்ன பாத்திருக்காது, பெரியாளுக்கே முதல் தடவைன்னா ஒரு ஊசி பத்தாது.

பாபு தம்பி, நல்ல கேள்வி. குறைமாசக் குழந்தைக்கு பதில் கொஞ்சம் கம்மியா வர்றது உண்மைதான். ஆனா தாயோட எதிர்ப்பொருள் கடைசி மாசங்கள்லதானே போகுதுன்னேன், 32 வாரத்துல பொறந்ததுக்கு அந்த சீதனமே பாதிதான் வந்திருக்கும். மத்த குழந்தையைவிட சீக்கிரமா காலியாகும். அதனால இதுங்களுக்குத் தள்ளிப்போடறதுதான் ஆபத்து, உங்க டாக்டர் சரியாத்தான் சொல்றார்.

கேத்திகேரட் | 15 நவம்பர், மதியம் 3.10

சார்ட்டை வாங்கிப் பாத்தேன். மாமா சொன்ன மாதிரியே டிபிடி மூணு இருக்கு. அக்கா ஹிப்பை மட்டும்தான் என்கிட்ட சொல்லியிருக்கா, ஏன்னா அதுக்கு மட்டும் தனியா பில்லு வந்துச்சாம்.

சரி, ஏன் மூணுன்னு புரிஞ்சுது. ஆனா காத்திருக்கறதைப் பத்தி யாரும் நேரா சொல்லல. ஒன்றரை வயசுல போட்டா ஒண்ணுல சுத்தமா பிடிக்குது, இப்ப போட்டா மூணும் அரைகுறையா பிடிக்குது. அப்ப இப்ப போடுறது என்னத்துக்கு?

லேப்மாமா | 15 நவம்பர், இரவு 9.15

ஏன்னா கிருமி ஒன்றரை வயசு வரைக்கும் காத்திருக்காது. ஹிப் மூளைக்காய்ச்சல் நம்ம மாதிரி நாடுகள்ல பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ளயே வந்துடும், அதுலயும் அரை வயசு சுமார்லதான் அதிகம். தாய் கொடுத்தது மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை பாதியாகிக்கிட்டே வரும், நாலஞ்சு மாசத்துல ஹிப்பைப் பொறுத்தவரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. பெண்டாவுக்குள்ளயே இருக்கற கக்குவான் இன்னும் மோசம், மூணு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைங்களைத்தான் அதிகம் கொல்லுது. ஊசி நல்லா பிடிக்கற வயசு வேற, நோய் கொல்ற வயசு வேற. ரெண்டுக்கும் நடுவுல பேரம் பேசித்தான் இந்த 6, 10, 14 வாரம் வந்துச்சு.

இன்னும் சீக்கிரமா, பொறந்த அன்னிக்கே போடலாமேன்னு அடுத்து கேப்பீங்க. அதையும் பாத்தாங்க. 1965ல அமெரிக்காவுல பொறந்த உடனே கக்குவான் ஊசி போட்ட குழந்தைங்களுக்குப் பின்னாடி போட்ட ஊசிகளுக்கும் பதில் மத்தவங்களைவிடக் கம்மியா இருந்துச்சு, உடம்பு இதைக் கண்டுக்காம இருக்கப் பழகிட்ட மாதிரி. அதனால அந்தப் பக்கமும் எல்லை இருக்கு.

பேரன்தாத்தா | 16 நவம்பர், காலை 7.00

அப்ப தாய்கிட்டருந்து வர்றது ஊசியைத் தடுக்கும்னு நான் சொன்னது சரிதானே? எந்த ஊசியை?

லேப்மாமா | 16 நவம்பர், இரவு 9.40

தட்டம்மை ஊசிய, ஐயா. அதுல உங்களுக்கு முழு மார்க். அது உயிரோட உள்ள, வீரியம் குறைச்ச வைரஸ். உடம்புக்குள்ள கொஞ்சம் பெருகினாத்தான் ஊசி பிடிக்கும். தாய் கொடுத்தது மிச்சம் இருந்தா பெருகுறதுக்கு முன்னாடியே அமுக்கிடும். அதனாலதான் 9 மாசம் வரைக்கும் காத்திருக்கோம். அப்பவும் 100 குழந்தையில சுமார் 85க்குத்தான் பிடிக்குது, 12 மாசத்துல போட்டா சுமார் 95. ஒரு வயசுக்குள்ள தட்டம்மை வந்துடுமேன்னுதான் நம்ம ஊர்ல 9 மாசத்துல ஆரம்பிக்கறோம்.

16 மாசத்துல போடுற ரெண்டாவது தட்டம்மை ஊசி, அதான் எம்.ஆர்., பெண்டா மாதிரி ஏத்திவிடற ஊசி இல்ல. முதல்ல பிடிக்காம போன அந்த 15 பேருக்கு இன்னொரு வாய்ப்பு. யாரு அந்த 15னு கண்டுபிடிக்க ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தம் எடுத்துக்கிட்டிருக்க முடியாது, எல்லாருக்கும் போட்டுடறதுதான் சுளுவு.

எஸ்டேட்ராஜா | 17 நவம்பர், காலை 6.45

எங்க அம்மாவுக்கு மணல்வாரி வந்து மேல்ல எல்லாம் வேப்பிலை தடவி வெச்சிருந்ததா சொல்வாங்க. என் பொண்டாட்டிக்கு நோய் வந்ததில்ல, சின்னதுல ஊசி போட்டதுதான். அப்ப எங்க அம்மா எனக்குக் கொடுத்ததும் இவ என் பொண்ணுக்குக் கொடுத்ததும் ஒண்ணா?

லேப்மாமா | 17 நவம்பர், இரவு 8.00

ராஜா இப்படியும் கேப்பாருன்னு நெனக்கல. ஒண்ணு இல்ல. நோய் வந்த அம்மாகிட்ட எதிர்ப்பொருள் அதிகம், குழந்தைகிட்ட ரொம்ப நாள் நிக்கும். ஊசியில மட்டும் பழகின அம்மா கொடுக்கறது கம்மி, சீக்கிரம் தீர்ந்துடும். உங்க பொண்ணுக்கு 9 மாச ஊசி நல்லா பிடிக்க வாய்ப்பு அதிகம், ஆனா அதுக்கு முன்னாடி மாசங்கள்ல பாதுகாப்பு கம்மி. இதை வெச்சு ஊசியை இன்னும் முன்னாடி கொண்டுவரலாமான்னு பல நாட்டுலயும் வாதாடிக்கிட்டிருக்காங்க.

கேத்திகேரட் | 20 நவம்பர், இரவு 7.30

நேத்து ரெண்டாவது பெண்டா போட்டாச்சு. இந்தத் தடவை காய்ச்சல் லேசாதான் வந்துச்சு, சிஸ்டர் கொடுத்த சொட்டு மருந்து ஒரு தடவையோட நின்னுடுச்சு. தொடை வீக்கம் இருக்கு.

இன்னொரு பயம். விடிகாலையில தோட்டத்துல வெள்ளையா பனி படிய ஆரம்பிக்கப் போகுது. மூணாவது ஊசி டிசம்பர்ல வருது. இந்தக் குளிர்ல மருந்து நல்லாவே இருக்கும்னு மாமனார் சொல்றார், குளிர்ல வெச்சாத்தானே மருந்து கெடாதுன்னு. சரியா?

கோத்தகிரிசிஸ்டர் | 21 நவம்பர், காலை 5.50

இதை நான் சொல்றேன், இது என் ஏரியா. பெண்டா 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சூட்டைவிட உறையறதுதான் அதுக்கு எமன். ஐஸ் பேக்கை ஃப்ரீசர்லருந்து எடுத்து அப்படியே கேரியர்ல வெச்சா குப்பி உறைஞ்சுடும். அதனால வெளிய வெச்சு, மேல வேர்த்து, ஆட்டினா உள்ள தண்ணி சலசலன்னு கேக்கற வரைக்கும் காத்திருந்துதான் உள்ள அடுக்குவோம். நம்ம மலையில பனிக்காலத்துல அது வேர்க்கவே எவ்வளவு நேரமாகுது தெரியுமா, கீழ மேட்டுப்பாளையத்துல இருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல.

குப்பி மேல ஒட்டியிருக்கற வி.வி.எம். கட்டம் சூடு பட்டா மட்டும்தான் நிறம் மாறும், உறைஞ்சதைக் காட்டாது. சந்தேகம்னா ஆட்டிப் பாக்கற சோதனை. அதே பேட்ச்ல ஒரு குப்பியை வேணும்னே உறைய வெச்சு உருக்கி, ரெண்டையும் சேர்த்து ஆட்டிப் பக்கத்துல பக்கத்துல வெப்போம். உறைஞ்சது திரிதிரியா சீக்கிரம் அடியில படியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்துல படிஞ்சா தூக்கிப் போட்டுடுவோம். உங்க மாமனாரை ஒரு புதன்கிழமை வரச் சொல்லுங்க, காட்டறேன்.

லேப்மாமா | 21 நவம்பர், இரவு 9.05

சிஸ்டர் சொன்னதுக்கு ஒரு வரி. அந்த வெள்ளைக் கலங்கல் அலுமினிய உப்பு, மருந்தைப் பிடிச்சு வெச்சு உடம்பை உசுப்பறது அதுதான். உறைஞ்சா அது கட்டிதட்டி மருந்து வீரியம் இழந்துடும். ஏற்கெனவே மெதுவா பதில் கொடுக்கற குழந்தைக்கு அப்படிப்பட்ட குப்பியைப் போட்டா, வெளிய பாக்க ஊசி போட்ட மாதிரியே இருக்கும், காய்ச்சல் கூட வரலாம். பிடிக்கலன்னு யாருக்கும் தெரியாது.

கூடலூர்பாபு | 28 டிசம்பர், காலை 10.15

இழையைத் திரும்ப எழுப்பறேன். எங்க ரெண்டுக்கும் மூணு பெண்டாவும் முடிஞ்சுது. இப்ப பிரைவேட் டாக்டர் 16 மாசத்துல ஹிப் பூஸ்டர் தனியா போடணும்னு சொல்றார். பி.ஹெச்.சி.ல கேட்டா 16 மாசத்துல டிபிடி பூஸ்டர்தான் இருக்கு, ஹிப் கிடையாதுங்கறாங்க. ரெண்டு பேருக்குன்னா செலவு. யார் சொல்றது சரி?

லேப்மாமா | 28 டிசம்பர், இரவு 8.45

ரெண்டு பேரும் அவங்கவங்க கணக்குல சரி. குழந்தை மருத்துவர் சங்கம், ஐ.ஏ.பி., 16-18 மாசத்துல பூஸ்டர் சொல்லுது. அரசு அட்டவணையில இல்ல.

பூஸ்டர் கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. கைக்குழந்தை உண்டாக்கற எதிர்ப்பொருள் சீக்கிரம் இறங்கிடும், ஏன்னா அதைத் தயாரிக்கற செல்லுங்க எலும்பு மஜ்ஜையில போய் குடியேறி ரொம்ப நாள் தங்கணும், சின்ன வயசுல அந்த மஜ்ஜை அதுங்களைத் தாங்கி வெச்சுக்காது. இங்கிலாந்துல 1992ல 2, 3, 4 மாசத்துல மூணு ஊசியோட நிறுத்தினாங்க, பூஸ்டர் வேணாம்னு. அப்பவே நாலு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கும் சேர்த்து ஒரு சுத்து போட்டதால நோய் சடார்னு விழுந்துச்சு. 1999க்கு மேல திரும்ப ஏற ஆரம்பிச்சுது. அந்த ஒரு சுத்தோட பலன் தீர்ந்தது ஒரு காரணம், நடுவுல கக்குவான் பாகத்தை மாத்தின ஒரு கலவை ஊசியில ஹிப் பதில் கம்மியா வந்தது இன்னொரு காரணம். 2003ல நாலு வயசுக்குள்ள உள்ள புள்ளைங்களுக்குக் கூடுதலா ஒண்ணு போட்டு, 2006லருந்து ஒரு வயசுல பூஸ்டரை நிரந்தரமாக்கிட்டாங்க.

கோத்தகிரிசிஸ்டர் | 29 டிசம்பர், காலை 6.20

மாமா, இங்க பெண்டா வந்து இவ்வளவு வருஷத்துல என் ஏரியாவுல மூணு ஊசி முடிச்ச புள்ளை ஒண்ணுக்குக் கூட அந்தக் காய்ச்சல் வந்ததா நான் கேள்விப்படல. இங்கிலாந்துக் கதை நமக்கு அப்படியே பொருந்துமா?

லேப்மாமா | 29 டிசம்பர், இரவு 9.00

ஒரு சிஸ்டர் ஏரியாவுல வருஷத்துக்குப் பொறக்கறதே கொஞ்சம் குழந்தைங்க, அபூர்வ நோய் அங்க கண்ணுல படாததை வெச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா நீங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. நம்ம பெண்டாவுல பழைய முழுச்செல் கக்குவான் இருக்கு, அது ஹிப் பதிலைக் குறைக்காது. வீடு நிறைய ஆளுங்க, தொண்டையில கிருமி வந்து போறதே பூஸ்டர் மாதிரின்னு ஒரு கட்சி. ஊசி பரவப் பரவ அந்த வந்துபோற கிருமியும் குறையுமே, அப்ப என்ன பண்றதுன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி, ஆனா சண்டைக்கு வர மாட்டேன். பாபு தம்பி, குறைமாச ரெட்டைங்கறதால உங்க இடத்துல நான் இருந்தா போட்டுடுவேன்.

எஸ்டேட்ராஜா | 30 டிசம்பர், காலை 7.10

கேரட், மூணாவது ஊசி போட்டாச்சா இல்லையா? அதைச் சொல்லாமலே காணாம போயிட்டியே.

கேத்திகேரட் | 30 டிசம்பர், இரவு 10.55

போட்டாச்சு அண்ணா. மாமனாரும் கூட வந்து குப்பியை ஆட்டிப் பாத்துட்டுத்தான் விட்டார், சிஸ்டர் என்னைப் பாத்து ஒரு முறை முறைச்சாங்க. அக்கா பொண்ணுக்கு ரெண்டாவது டிபிடி தள்ளிப்போயிட்டிருக்கு, அவங்க மாமியார் இப்ப "ஹிப் ஒண்ணுதானே சொன்னாங்க, அதான் போட்டாச்சே"ங்கறாங்களாம். லேப்மாமா எழுதினதை அப்படியே ஃபார்வேர்ட் பண்ணியிருக்கேன்.